கல்யாணத்துக்கு ஹேஷ்டேக் வைக்க யோசிக்கிறோம். வருகிற எல்லாரும் பிழையில்லாமல் எழுதுகிற மாதிரி எப்படி வைப்பது?

நீங்களும் இரண்டு பெயருக்கும் நடுவில் weds போட்டு ஒட்டத்தான் நினைத்திருப்பீர்கள். தங்கச்சியின் கல்யாணத்துக்குத் தம்பி அதைத்தான் சொன்னான். உண்மைப் பெயர்களை இங்கே போட விருப்பமில்லை. தர்ஷினி, கஜேந்திரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையில் நாங்கள் Tharsini, Kajenthiran என்று எழுதுவோம். சென்னையில் இருக்கிற மாமிக்கு அது Dharshini, Gajendran. கனடாவில் சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு Tharshiny. அவரவர் பழக்கத்தில் எல்லாமே சரி. ஆனால் ஓர் எழுத்து மாறினாலே அது வேறு ஹேஷ்டேக், படமும் வேறெங்கோ போய்ச் சேரும்.

அதனால் எழுத்தைக் காட்டாமல், வாட்ஸ்அப்பில் குரலாக மட்டும் சொல்லி, 'கேட்டதை எழுதி அனுப்புங்கள்' என்று சொந்தக்காரரிடம் கேட்டோம். முழுப் பெயர்கள் அங்கேயே விழுந்துவிட்டன. வீட்டில் கூப்பிடுகிற மினி, ரவி இரண்டும் எல்லாரிடமிருந்தும் ஒரே மாதிரி வந்தன. #MiniRavi என்று மட்டும் வைத்தால் உலகத்து மினி, ரவி எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். ஊரைச் சேர்க்கலாம் என்றால் திருகோணமலையை நாங்கள் சுருக்கிச் சொல்லும் திருமலைக்கு Thirumalai, Tirumalai என்று மறுபடி அதே தலையிடி, திருப்பதிப் படங்களும் கலக்கும். Trinco என்றால் சின்னப்பிள்ளையும் சரியாக எழுதும். இன்ஸ்டகிராமில் தேடிப் பார்த்தோம், யாரும் எடுத்திருக்கவில்லை. #MiniRaviTrinco என்று வைத்தோம். பெரிய எழுத்து வாசிக்கத்தான். தேடலில் சின்ன எழுத்தும் அதே பக்கத்துக்குத்தான் போகும். இதில் கவிதை இல்லையே என்று சிலர் சொல்வார்கள். இல்லைத்தான், கல்யாணப் படத்தைத் தேடி எடுக்கக் கவிதை எதற்கு?

பலகை அச்சடித்த இடத்தில்தான் கூத்து. வடிவாக இருக்கட்டும் என்று கேட்காமலே #Mini-Ravi-Trinco என்று கோடு போட்டுவிட்டார்கள். ஹேஷ்டேக் முதல் கோட்டிலேயே அறுந்துவிடும். மிஞ்சுவது வெறும் #Mini. அப்படியே பார்த்து எழுதியவர்களின் படங்கள் மினி என்கிற காரின் படங்களுக்கு நடுவில் கிடந்தன. இடைவெளி, புள்ளி போட்டாலும் இதே கதிதான். அடிக்கோடு மட்டும் அறுக்காது, ஆனால் அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அச்சுக்குப் போகுமுன் மாதிரியை வாங்கிப் பாருங்கள்.

கணக்கைப் பூட்டி வைத்திருப்பவர்கள் சரியாக எழுதினாலும் அவர்களைப் பின்தொடராதவர்களுக்கு அந்தப் படம் தெரியாது. எங்கள் பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான். அவர்களிடம் வாட்ஸ்அப்பில் நேரே கேட்டு வாங்கினோம்.

அப்புறம் இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லைதான். தாலி கட்டுகிற நேரம் வீடியோக்காரர்கள் மணவறையைச் சுற்றி மதில் மாதிரி நின்றார்கள். அம்மம்மா அறுகரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர்களின் முதுகைத்தான் பார்த்தார். அவர்களிடமும் முதலே பேசி வையுங்கள்.