விலை மாற்றியும் பழைய விலையே தெரிகிறது: இன்னொரு பிளகின் வாங்கலாமா?

கேள்வி: குமுளியில் ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் கடை வைத்திருக்கிறோம். வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் போட்டு இணையத்திலும் விற்கிறோம். தளம் திறக்க வெகு நேரம் ஆகிறது. நான் விலையை மாற்றினாலும் வாடிக்கையாளருக்குப் பழைய விலையே தெரிகிறது. கூடையில் போட்ட பிறகுதான் புது விலை வருகிறது, ஃபோனில் சண்டைக்கு வருகிறார்கள். தளம் அமைத்தவர் ஆண்டுச் சந்தாவில் ஒரு வேகப் பிளகின் வாங்கச் சொல்கிறார். வேறொருவர் அதையே 300 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். இப்போதே 34 பிளகின்கள் உள்ளன. அவற்றில் 11 நிறுத்தி வைத்தவை. பட்டியலை இணைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்? எத்தனை வரை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். வேகத்துக்கான கேச் பிளகின்கள் உங்கள் பட்டியலில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன, இரண்டும் இயங்குகின்றன; வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது பெரும்பாலும் அவற்றால்தான்.

கேச் பிளகின், ஒரு பக்கத்தை ஒருமுறை தயாரித்து அதன் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருபவருக்கு அந்த நகலையே கொடுக்கிறது. கூடைப் பக்கம் ஆளுக்கு ஆள் மாறுவதால் அதை நகலெடுக்காமல் விட்டுவிடுவது வழக்கம். போடியிலும் புற்றடியிலும் ஏலம் முடிந்த கையோடு நீங்கள் விலையை மாற்றும்போது கூடையில் புது விலையும் பொருள் பக்கத்தில் பழைய விலையும் தெரிவதற்கு இதுவே காரணம். ஒரே பிளகின் இருந்தால், விலை மாறியதும் அது தன் நகலை அழித்துவிடும். இரண்டு இருக்கும்போது அவை வெவ்வேறு இடங்களில் நகல் வைக்கின்றன. ஒன்றில் நீங்கள் நகலை அழித்தாலும் மற்றதன் நகல் அப்படியே நின்று வாடிக்கையாளருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதை நீங்களே பார்த்து உறுதி செய்யலாம். பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில், லாகின் செய்யாமல், ஏலக்காய்ப் பக்கத்தைத் திறந்து, வலது கிளிக் செய்து மூல நிரலைப் பாருங்கள். பல கேச் பிளகின்கள் பக்கத்தின் அடிக்கோடியில் `<!--` என்று தொடங்கும் வரியில் தம் பெயரையும் நகலெடுத்த நேரத்தையும் எழுதி வைக்கின்றன. அந்த நேரம் நீங்கள் விலை மாற்றியதற்கு முந்தையது என்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். எப்போதோ நீக்கிவிட்டதாக நினைத்த பிளகினின் பெயர் அங்கே எட்டிப் பார்ப்பதும் உண்டு. ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு, அது `.htaccess` கோப்பில் எழுதிய வரிகளை விட்டுவிட்டால், பழைய நகலைக் கொடுப்பதற்கு வழி இருக்கும், அழிப்பதற்குத்தான் ஆள் இருக்காது.

ஆகவே இரண்டில் ஒன்றை நீக்குங்கள். முதலில் தரவுத்தளத்தையும் `wp-content` ஃபோல்டரையும் பேக்கப் எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப்பை அதே சர்வரில் மட்டும் வைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். நீக்கும் பிளகினை டாஷ்போர்டிலேயே நிறுத்திவிட்டு அழியுங்கள். தான் எழுதிய வரிகளைத் தானே துடைத்துவிட்டுப் போக அதற்கு அப்போதுதான் வாய்ப்புக் கிடைக்கும். பிறகு `.htaccess` கோப்பைத் திறந்து, அதன் பெயரோடு `# BEGIN` முதல் `# END` வரை ஏதாவது மிஞ்சியிருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டும் `wp-content/advanced-cache.php` என்ற ஒரே கோப்புக்காகப் போட்டியிட்டிருக்கக்கூடும் என்பதால், எஞ்சியதை ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கினால் அது தன் கோப்பைப் புதிதாக எழுதிக்கொள்ளும். `wp-config.php` கோப்பில் கீழுள்ள வரி ஒருமுறை மட்டும் இருக்க வேண்டும்:

```
define( 'WP_CACHE', true );
```

எத்தனை வைக்கலாம் என்பதற்கு எண் கிடையாது. கச்சிதமாக எழுதிய 25 பிளகின்களைவிட, ஒவ்வொரு பக்கத்திலும் தரவுத்தளத்தை நூறு முறை கேட்கும் ஒன்றே தளத்தை அதிகம் மந்தமாக்கும். எது மந்தமாக்குகிறது என்று கண்டுபிடிக்க Health Check & Troubleshooting, Query Monitor என்ற இரண்டு இலவசப் பிளகின்களைச் சில நாள்களுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். முதலாவதில் உள்ள சோதனை நிலை, லாகின் செய்திருக்கும் உங்களுக்கு மட்டும் எல்லாப் பிளகின்களையும் நிறுத்திக் காட்டும்; வாடிக்கையாளருக்குக் கடை வழக்கம்போல் திறந்தே இருக்கும். அந்த நிலையில் வூகாமர்ஸையும் Query Monitor-ஐயும் இயக்கி, பக்கம் தயாராக எத்தனை நொடி ஆகிறது என்று மேல் பட்டையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து மற்றவற்றில் பாதியை இயக்குங்கள். நேரம் தாவி ஏறினால் காரணம் அந்தப் பாதியில் இருக்கிறது, ஏறாவிட்டால் மறுபாதியில். உங்களிடம் இயங்குவது 23 என்பதால் ஐந்து சுற்றுக்குள் ஒன்றில் வந்து நிற்பீர்கள். இரண்டு சேர்ந்தால் மட்டும் கோளாறு வரும் என்றால் இப்படிப் பாதியாகப் பிரிப்பது பிடிகொடுக்காது; சந்தேகப்படும் ஒன்றை இயக்கியே வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிறுத்தி வைத்த 11 வேகத்தைக் குறைக்கவில்லை என்றாலும் எனக்கு அதிகக் கவலை தருவது அவைதான், ஏனென்றால் நிறுத்தினாலும் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கின்றன. 2020 செப்டம்பரில் File Manager என்ற பிளகினில் இப்படி நடந்தது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த அதன் ஒரு கோப்பை, லாகின் இல்லாமலே எவரும் நேரடியாக அழைத்துத் தம் நிரலை ஏற்ற முடிந்தது. 6.9 பதிப்பில் அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் நேரடியாக அழைக்கும் கோப்புக்கு, டாஷ்போர்டில் பிளகின் இயங்குகிறதா நிற்கிறதா என்பது பொருட்டே இல்லை. எனவே பயன்படுத்தாதவற்றை அழித்துவிடுங்கள். ஜிஎஸ்டி பில் பிளகினிலும் மொழிபெயர்ப்புப் பிளகினிலும் மட்டும் நிதானம் தேவை. சில பிளகின்களை அழிக்கும்போது அவற்றின் தரவும் சேர்ந்து போய்விடும்.

மீதியுள்ளவற்றை வேர்ட்பிரஸ் பிளகின் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், எந்தப் பதிப்பு வரை சோதித்தார்கள் என்பவை அங்கே இருக்கும். ஒரு பிளகினைப் பாதுகாப்புக் காரணத்தால் அங்கிருந்து மூடிவிட்டாலும் உங்கள் தளத்தில் அது இயங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், இந்தச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது.

300 ரூபாய்ப் பிரதியைப் பொறுத்தவரை, பெரும்பாலான பிளகின்களின் உரிமம் மறுவிநியோகத்தை அனுமதிப்பதால் அவர் விற்பதே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உரிமச் சாவி உங்கள் பெயரில் இல்லாததால் திருத்தப் பதிப்புகள் வராது. சாவிச் சோதனையை நீக்கியவர் கூடவே எதைச் சேர்த்தார் என்பதும் தெரியாது. வாடிக்கையாளரின் முகவரியும் ஃபோன் எண்ணும் இருக்கும் தளத்தில் அதைப் போடச் சொல்லமாட்டேன்.

பட்டியலில் இருக்கும் வாட்ஸ்அப் பொத்தான் பிளகினுக்குப் பதில் `https://wa.me/` என்பதோடு நாட்டுக் குறியீடும் உங்கள் எண்ணும் சேர்ந்த ஓர் இணைப்பே போதும். படங்களைத் தாமதமாக ஏற்றும் வசதியும் சைட்மேப்பும் 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸிலேயே இருக்கின்றன; அவற்றுக்காக வைத்திருக்கும் இரண்டும் போகலாம். இத்தனையும் செய்தபின், அடுத்த ஏல நாளில் விலையை மாற்றிவிட்டு, கடை வைஃபையை அணைத்த மொபைலில் லாகின் இல்லாமல் பொருள் பக்கத்தையும் கூடையையும் பாருங்கள். இரண்டு விலையும் ஒன்றாக இருந்து, பக்கம் மட்டும் இன்னும் மந்தமாக இருந்தால், அடுத்து ஹோஸ்டிங் திட்டத்தைப் பார்க்க வேண்டும். சந்தாப் பிளகினைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.