மாடியில் இருக்கும் பார்லர் மேப்பில் வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: திருச்சி தில்லைநகரில் முதல் மாடியில் லேடீஸ் பார்லர் ஆரம்பித்து ஒன்றரை மாதம் ஆகிறது. கூகுள் மேப்பில் தேடினால் சுற்றியிருக்கும் பார்லர்கள் எல்லாம் வருகின்றன, என்னுடையது மட்டும் வரவில்லை. ஒருவர் 6,000 ரூபாய் கொடுத்தால் முதல் இடத்தில் கொண்டுவருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? நானே செய்துகொள்ள முடியுமா?

பதில்: கொடுக்காதீர்கள். மேப்பில் கடையைப் பதிவுசெய்யக் கூகுள் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை, முதல் இடத்தை யாருக்கும் விற்பதும் இல்லை. தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து உங்கள் கடை எவ்வளவு தூரம், அவர் தேடுவதற்கு எவ்வளவு பொருந்துகிறது, கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசை அமைகிறது. தில்லைநகரில் நின்று தேடுபவருக்கும் ஸ்ரீரங்கத்தில் நின்று தேடுபவருக்கும் ஒரே பட்டியல் வராது. அப்புறம் எந்த முதல் இடத்தை அவர் விற்கிறார்?

ஃபோனை எடுப்பதற்கு முன்னால் மாடிப்படியின் கீழே ஒரு போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை முதலில் மாட்டுங்கள். தெருவில் கண்ணால் பார்க்கக்கூடிய கடைதான் மேப்பில் ஏறும். போர்டில் எழுதிய பெயர்தான் பதிவிலும் பெயர். 'மகிழ் பியூட்டி பார்லர்' என்று போர்டு இருந்தால் பதிவிலும் அவ்வளவுதான். அதன் பின்னால் 'Best Bridal Makeup in Trichy' என்று ஒட்டவைக்கச் சொல்லி நிறைய பேர் ஆலோசனை தருவார்கள். கொஞ்ச நாள் அது பலன் தருவதுபோலவும் தெரியும். ஆனால் விதிக்கு மாறானது. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் புகார் கொடுத்தால் பெயரைத் திருத்திவிடுவார்கள், சில சமயம் பதிவையே முடக்கிவிடுவார்கள். முடங்கியதை மீட்பது புதிதாகத் தொடங்குவதைவிடப் பெரிய வேலை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அதே மாடியில் உங்களுக்கு முன்னால் டெய்லர் கடையோ டியூஷன் சென்டரோ இருந்து, அதன் பதிவு மேப்பில் இன்னும் இருக்கலாம். விமர்சனங்கள் தயாராக இருக்கின்றனவே என்று அதைக் கைப்பற்றிப் பெயரை மாற்றாதீர்கள், அது வேறு கடையின் பதிவு. 'Suggest an edit' வழியாக அந்தக் கடை மூடப்பட்டுவிட்டது என்று தெரிவித்துவிட்டு உங்களுக்குப் புதிதாகத் தொடங்குங்கள்.

சரி, இப்போது business.google.com போங்கள். உங்கள் சொந்த ஜிமெயிலில் நுழையுங்கள். தம்பியின் ஜிமெயில் வேண்டாம், செய்து தருகிறேன் என்று வருபவருடையது வேண்டவே வேண்டாம். பதிவின் உரிமை அந்த ஜிமெயிலோடு போய்விடும். யாராவது உதவி செய்தால் பிறகு அவரை 'Manager' ஆகச் சேர்க்கலாம், வேண்டாதபோது நீக்கிக்கொள்ளலாம்.

பெயருக்கு அடுத்து வகை கேட்கும். Beauty என்று தட்டினால் பட்டியல் விழும், அதில் Beauty salon போல உங்கள் முக்கிய வேலைக்குப் பொருந்துவதை முதன்மை வகையாக எடுங்கள். முடி வெட்டுவதுதான் அதிகம் என்றால் Hair salon. தேடலில் மற்ற வகைகளைவிட இந்த முதன்மை வகைக்குத்தான் எடை அதிகம். மணப்பெண் அலங்காரம் போன்றவற்றைக் கூடுதல் வகையாகவோ சேவைப் பட்டியலிலோ சேர்த்தால் போதும். செய்யாத வேலைக்கு வகை போட வேண்டாம்.

முகவரியில்தான் தில்லைநகர் கொஞ்சம் படுத்தும். கிராஸ் எண்ணோடு கிழக்கா மேற்கா என்பதும் சேர்ந்தால்தான் அங்கே முகவரி முழுமை. மாடி எண்ணையும் எழுதுங்கள். அதன்பிறகும் மேப்பே வைக்கிற குறியை நம்பாதீர்கள். என் உறவுக்காரப் பெண் ஒருவரின் கடையில் குறி பின்பக்கத் தெருவில் விழுந்திருந்தது. வழிகேட்டு வந்தவர்கள் ஒரு காம்பவுண்டு சுவர் முன்னால் நின்று ஃபோன் செய்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. சாட்டிலைட் படத்துக்கு மாற்றி, உங்கள் கட்டடக் கூரையைக் கண்டுபிடித்து, குறியை மாடிப்படி வாசலுக்கு இழுத்து வையுங்கள்.

கடைசியில் சரிபார்ப்பு. எந்த முறையில் என்பதைக் கூகுள்தான் முடிவுசெய்யும். புதிய கடைகளுக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறது. நிறைய பேர் தோற்பது இதில்தான். உள்ளே நின்று கண்ணாடியையும் நாற்காலியையும் அழகாக எடுத்து அனுப்புவார்கள், நிராகரித்துவிடும். அழகைப் பார்ப்பதில்லை அவர்கள். இடம் அங்கேதான் இருக்கிறதா, உண்மையான தொழில்தானா, கடை உங்கள் கையில்தான் இருக்கிறதா என்ற மூன்றுக்கும் அந்த வீடியோவில் விடை இருக்க வேண்டும்.

எனவே தெருவிலிருந்து தொடங்குங்கள். தெருப்பெயர்ப் பலகையைக் காட்டி, பக்கத்துக் கடைகளைக் காட்டி, உங்கள் போர்டைப் படிக்கும்படி காட்டுங்கள். நிறுத்தாமல் படியேறுங்கள். கதவைச் சாத்தி வைத்திருந்து, கேமரா முன்னால் சாவியைப் போட்டுத் திறங்கள், உரிமைக்கு இது நல்ல சாட்சி. உள்ளே நாற்காலி, ஸ்டீமர், ஃபேஷியல் கட்டில், விலைப்பட்டியல், பிறகு கல்லாவைத் திறந்து பில் புத்தகம். எல்லாம் ஒரே ஓட்டமாக, வெட்டு ஒட்டு இல்லாமல், குறைந்தது 30 விநாடி. நிதானமாக எடுத்தால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பேச வேண்டியதில்லை. வாடிக்கையாளர் முகம், ஆதார், பேங்க் எண் எதுவும் விழக்கூடாது, ஆகையால் கூட்டம் இல்லாத காலை நேரமே வசதி. மேலே சிக்னல் சரியில்லை என்றால் வீடியோ ஏறி முடியும்வரை பக்கத்தை மூடாதீர்கள். முடிவு வர 5 வேலை நாட்கள்வரை ஆகலாம். நிராகரித்தால் விட்டுப்போனது எது என்று பார்த்து மறுபடி எடுத்து அனுப்பலாம்.

பதிவு ஏறிய பிறகு நேரத்தைச் சரியாகப் போடுங்கள். மேப்பில் திறந்திருக்கிறது என்று பார்த்து வந்தவர் பூட்டைப் பார்த்தால் அடுத்த தடவை வரமாட்டார். தீபாவளி, பொங்கலுக்குச் சிறப்பு நேரம் போடத் தனி இடம் இருக்கிறது. படங்களில் முதலாவதாகப் படியும் போர்டும் தெரிகிற வெளிப்படம் இருக்கட்டும், மாடிக் கடைக்கு அதுதான் பாதி வழிகாட்டி.

விமர்சனத்துக்கான லிங்க் பதிவிலேயே கிடைக்கும். வேலை முடிந்து திருப்தியாகப் போகிறவருக்கு அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். விமர்சனம் எழுதினால் ஐப்ரோ இலவசம் என்று சொல்லிவிடாதீர்கள், அது விதிமீறல். சொந்தக்காரர்கள் பத்துப் பேரை ஒரே சாயங்காலத்தில் எழுதவைப்பதும் வீண், அப்படி வந்தவை காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மேப்பில் வருகிறதா என்று கடைக்குள் உட்கார்ந்தே தேடிப் பார்க்காதீர்கள், அங்கே தூரம் பூஜ்யம், நன்றாகத்தான் தெரியும். நான்கைந்து கிராஸ் தள்ளி இருக்கிற ஒரு வாடிக்கையாளரை வீட்டிலிருந்து 'beauty parlour near me' என்று தேடி, ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள்.

பதிவு ஏறியதும் ஃபோன் வரும்: 'உங்கள் கூகுள் பதிவு காலாவதியாகப் போகிறது, பணம் கட்டுங்கள்' என்று. அப்படி ஒரு காலாவதி கிடையாது. ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள்.