இரண்டும் ஒரே கார்பனா? HBr வினையின் அம்புக்குறிகளை வரையும் முறை

கேள்வி: ஐயா, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் கேள்வி ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். 3-மெத்தில்பியூட்டன்-2-ஆல் HBr உடன் வினைபுரிந்து 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனைத் தருகிறது, வினைவழிமுறையை எழுதுக என்று கேட்டிருக்கிறார்கள். OH இருந்ததும் 2-இல், Br வந்ததும் 2-இல். OH போய் Br வந்தது என்று ஒரே படியில் எழுதினால் போதாதா? ஒவ்வோர் அம்புக்குறியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொற்களால் விளக்குங்கள்.

பதில்: அந்த இரண்டு 2-களும் ஒரே கார்பன் அல்ல. பெயரிடும்போது இங்கே OH அல்லது Br இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள முனையிலிருந்து எண்ணுகிறோம். வினைபடுபொருளில் இடப்பக்கத்திலிருந்து எண்ணிய நாம், விளைபொருளில் வலப்பக்கத்திலிருந்து எண்ணுகிறோம். இதைக் கவனிக்காதவர்களுக்கு இது சாதாரணப் பதிலீட்டு வினையாகவே தோன்றும். ஆகவே அம்புக்குறிகளுக்குப் போவதற்கு முன், படத்தில் உள்ள அமைப்பைத் தாளில் பெரிதாக எழுதி, கார்பன்களுக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 4 வரை பென்சிலால் எண் கொடுங்கள். வினை முடியும் வரை அந்த எண்களை மாற்றாதீர்கள்.

```
CH3-CH(OH)-CH(CH3)-CH3 + HBr → CH3-CH2-CBr(CH3)-CH3 + H2O
 1     2      3      4          1    2     3      4
```

இப்படி எழுதியவுடனேயே கேள்வி என்ன கேட்கிறது என்பது தெரிந்துவிடும். OH இருந்தது 2-ஆம் கார்பனில். Br வந்து அமர்ந்தது 3-ஆம் கார்பனில். மேலும் 2-ஆம் கார்பனில் முதலில் ஒரே ஒரு ஹைட்ரஜன் இருந்தது, இப்போது இரண்டு இருக்கின்றன. 3-ஆம் கார்பனில் இருந்த ஒரே ஹைட்ரஜனைக் காணவில்லை. அந்த ஹைட்ரஜன் எப்படி இடம் மாறியது என்பதுதான் இந்தக் கேள்வியின் உயிர்நாடி. படத்தில் கோட்டு வடிவில் அமைப்பு வரையப்பட்டிருந்தால், கோடுகள் சந்திக்கும் இடங்களில் ஹைட்ரஜன்கள் எழுதப்பட்டிருக்காது. 2-ஆம், 3-ஆம் கார்பன்களில் உள்ள ஹைட்ரஜன்களை மட்டுமாவது நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும். கண்ணில் படாத ஹைட்ரஜனை எவராலும் நகர்த்த முடியாது.

வளைந்த அம்புக்குறியைப் பற்றி ஒரு விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது அணு நகர்வதைக் காட்டுவதில்லை. ஓர் எலக்ட்ரான் இரட்டை நகர்வதைக் காட்டுகிறது. அதன் வால் எலக்ட்ரான்கள் இப்போது இருக்கும் இடத்தில், அதாவது தனித்த இரட்டையிலோ பிணைப்பின் நடுவிலோ இருக்க வேண்டும். அதன் முனை அந்த எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் இடத்தில் இருக்க வேண்டும். எனவே நேர்மின் குறியிலிருந்து அம்புக்குறி தொடங்கவே முடியாது, ஏனெனில் நகர்வதற்கு அங்கே எலக்ட்ரான்கள் இல்லை.

முதற்படியில் ஆல்கஹால் ஒரு புரோட்டானை ஏற்கிறது. ஆக்சிஜனில் இரண்டு தனித்த இரட்டைகள் உள்ளன; அவற்றுள் ஒன்றில் முதல் அம்புக்குறியைத் தொடங்கி, HBr-இல் உள்ள ஹைட்ரஜனில் முடியுங்கள். ஹைட்ரஜனால் இரண்டு பிணைப்புகளைத் தாங்க முடியாது. ஆகவே அதே நேரத்தில் H–Br பிணைப்பின் நடுவிலிருந்து புரோமினை நோக்கி இரண்டாவது அம்புக்குறியை வரைய வேண்டும். அந்தப் பிணைப்பின் இரு எலக்ட்ரான்களும் புரோமினுக்குப் போவதால் அது Br⁻ ஆகிறது. ஆக்சிஜன் தன் இரட்டையைப் பகிர்ந்துகொண்டதால் மூன்று பிணைப்புகளும் ஒரு தனித்த இரட்டையும் கொண்டு நேர்மின்சுமை பெறுகிறது. சுமையைச் சரிபார்ப்பது எளிது: ஆக்சிஜனுக்கு உரிய இணைதிற எலக்ட்ரான்கள் 6, தனித்த இரட்டைக்கு 2, மூன்று பிணைப்புகளுக்குத் தலா 1 என்று இப்போது அதன் கணக்கில் இருப்பவை 5, ஆகவே +1. நீர்க்கரைசலில் H₃O⁺ அயனியே புரோட்டானைத் தருவதாக எழுதினாலும் சரிதான். அப்போதும் அம்புக்குறி ஆக்சிஜனின் இரட்டையிலிருந்துதான் தொடங்கும். மாணவர்கள் பலர் இதைத் தலைகீழாக, H⁺ இலிருந்து ஆக்சிஜனை நோக்கி வரைகிறார்கள். புரோட்டான் ஓடிவந்து ஒட்டிக்கொள்வதாக மனத்தில் படம் இருப்பதுதான் காரணம்.

இந்தப் படி ஏன் தேவை என்பதையும் விடையில் ஒரு வரி எழுதுவது நல்லது. OH⁻ வலிமையான காரம். எலக்ட்ரான் இரட்டையை எடுத்துக்கொண்டு எளிதில் வெளியேறாது. சோடியம் புரோமைடை மட்டும் ஆல்கஹாலுடன் சேர்த்தால் புரோமைடு கிடைக்காததற்கும், அதனுடன் கந்தக அமிலம் சேர்த்தால் கிடைப்பதற்கும் காரணம் இதுவே. புரோட்டான் ஏறிய பிறகு வெளியேற வேண்டியது நடுநிலையான நீர் மூலக்கூறு. அதற்கு அந்தத் தயக்கம் இல்லை.

இரண்டாம் படியில் ஒரே ஓர் அம்புக்குறிதான். 2-ஆம் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பின் நடுவில் தொடங்கி, ஆக்சிஜனில் முடிகிறது. அந்த இரட்டையைப் பெற்றதும் ஆக்சிஜனின் நேர்மின்சுமை தீர்ந்து, நீர் பிரிந்து போகிறது. 2-ஆம் கார்பனுக்கு மூன்று பிணைப்புகளே மிஞ்சுவதால் அது நேர்மின்சுமை பெற்று, ஈரிணையக் கார்பன் நேர்மின் அயனியாகிறது. மெதுவாக நடக்கும் படி இதுதான். வினையின் வேகத்தை இதுவே தீர்மானிக்கிறது.

நீங்கள் நினைத்ததுபோல இங்கேயே Br⁻ வந்து 2-ஆம் கார்பனோடு சேர்ந்திருந்தால் கிடைத்திருப்பது 2-புரோமோ-3-மெத்தில்பியூட்டேன். கேள்வியில் தரப்பட்ட விளைபொருள் அது அல்ல. ஆகவே Br⁻ வந்து சேருமுன் வேறொன்று நடந்திருக்க வேண்டும்.

அதுவே மூன்றாம் படியான ஹைட்ரைடு இடப்பெயர்ச்சி. மதிப்பெண் பெரும்பாலும் இங்கேதான் போகிறது என்பதால் சற்று நிதானமாகப் பாருங்கள். 2-ஆம் கார்பனில் இப்போது ஒரு வெற்று ஆர்பிட்டால் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலுள்ள 3-ஆம் கார்பனின் C–H பிணைப்பு அந்த வெற்று ஆர்பிட்டாலுக்கு இணையாகத் திரும்பி நிற்கும்போது, பிணைப்பின் எலக்ட்ரான் இரட்டை ஹைட்ரஜனையும் உடன் அழைத்துக்கொண்டு 2-ஆம் கார்பனுக்குச் செல்கிறது. அம்புக்குறியின் வாலை 3-ஆம் கார்பனின் C–H பிணைப்பின் நடுவில் வையுங்கள். முனை 2-ஆம் கார்பனைத் தொட வேண்டும். ஹைட்ரஜன் அணுவின் எழுத்திலிருந்து தொடங்கக் கூடாது. C–C பிணைப்பை நோக்கியும் வளைக்கக் கூடாது. அப்படி வரைந்தால் 2-ஆம், 3-ஆம் கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு உண்டாகி ஹைட்ரஜன் H⁺ ஆக வெளியேறுகிறது என்று பொருள். அது 2-மெத்தில்பியூட்-2-ஈன் தரும் நீக்கல் வினை. அம்புக்குறி முனை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் விடை வேறொரு வினைக்குரியதாகிவிடுகிறது.

ஹைட்ரைடு என்று பெயர் இருந்தாலும் H⁻ அயனி தனியாகப் பிரிந்து கரைசலில் திரிவதில்லை. நகரும் அந்தக் கணத்தில் அது இரு கார்பன்களோடும் பாதி பிணைந்தே இருக்கிறது. முடிவில் 2-ஆம் கார்பன் CH₂ ஆகிறது. தன் பிணைப்பிலிருந்த இரட்டையை இழந்த 3-ஆம் கார்பன் நேர்மின்சுமை பெறுகிறது.

ஏன் நகர வேண்டும்? முதலில் உண்டான அயனியில் நேர்மின் கார்பனோடு இரண்டு ஆல்கைல் தொகுதிகளே இணைந்திருந்தன, இப்போது மூன்று. அண்டைக் கார்பன்களின் C–H பிணைப்புகள் தம் எலக்ட்ரான் அடர்த்தியை வெற்று ஆர்பிட்டாலுக்குச் சிறிது பகிர்ந்து சுமையைப் பரப்புகின்றன. அத்தகைய பிணைப்புகளை எண்ணிப் பாருங்கள்: நேர்மின்சுமை 2-ஆம் கார்பனில் இருந்தபோது 1-ஆம் கார்பனிலிருந்து 3, 3-ஆம் கார்பனிலிருந்து 1, மொத்தம் 4. சுமை 3-ஆம் கார்பனுக்கு மாறியபின் CH₂-இலிருந்து 2, இரண்டு மெத்தில்களிலிருந்து 6, மொத்தம் 8. மூவிணைய அயனி அதிக நிலைப்புத்தன்மை உடையது என்று மனப்பாடமாக எழுதுவதைவிட இந்த எண்ணிக்கையைக் காட்டுவது தெளிவானது.

மெத்தில் தொகுதி ஏன் நகரவில்லை என்றும் சிலர் கேட்பார்கள். வரைந்து பார்த்தால் விடை கிடைக்கும்: 3-ஆம் கார்பனின் ஒரு மெத்தில் 2-ஆம் கார்பனுக்குப் போனால், சுமையுள்ள 3-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ரஜனும் ஒரு மெத்திலும், அதன் அண்டையில் இரண்டு மெத்தில்கள் கொண்ட கார்பனும் இருக்கும். அது நாம் தொடங்கிய அதே ஈரிணைய அயனிதான். போன பயணத்தில் ஆதாயம் எதுவும் இல்லை. இத்தகைய இடமாற்றங்களுக்குக் கார்பன் நேர்மின் அயனியை அடிப்படையாக வைத்துப் பொது விளக்கம் தந்தவர் அமெரிக்க வேதியியலாளர் ஃபிராங்க் விட்மோர்; ஆண்டு 1932.

நான்காம் படி எளியது. Br⁻ இன் தனித்த இரட்டைகளுள் ஒன்றில் தொடங்கும் அம்புக்குறி, நேர்மின்சுமையுள்ள 3-ஆம் கார்பனில் முடிகிறது. புதிய C–Br பிணைப்பு உண்டாகி இரு சுமைகளும் தீர்கின்றன. இப்போது மட்டும் எண்களை வலப்பக்கத்திலிருந்து மாற்றி எண்ணுங்கள். 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன் என்ற பெயர் வரும்.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு படியிலும் அம்புக்குறிக்கு இருபுறமும் உள்ள மொத்த மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். முதற்படியில் HBr எழுதியிருந்தால் இடப்புறம் 0, வலப்புறம் +1, –1 சேர்ந்து 0. இரண்டாம், மூன்றாம் படிகளில் இருபுறமும் +1. நான்காவதில் மீண்டும் 0. எங்கேனும் கணக்கு இடித்தால், அந்தப் படியில் ஓர் அம்புக்குறி விட்டுப்போயிருக்கிறது அல்லது திசை மாறியிருக்கிறது. ஐந்து பிணைப்புகளோடு ஏதாவது கார்பன் நிற்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். மூன்றாம் படியில் புதிய C–H பிணைப்பை வரைந்துவிட்டுப் பழையதை அழிக்க மறந்தால் 3-ஆம் கார்பனின் ஹைட்ரஜன் இரண்டு இடங்களிலும் தெரியும்.

சோதனைக்கூடத்தில் நீர் வெளியேறுவதும் ஹைட்ரைடு நகர்வதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடக்கக்கூடும். சிறிதளவு ஆல்கீனும் உடன் உண்டாகலாம். பள்ளித் தேர்வில் நீர் வெளியேறுவதையும் ஹைட்ரைடு நகர்வதையும் தனித்தனிப் படிகளாகவே எழுதுங்கள்.

இதே ஆல்கஹாலைக் கொடுத்து வேறு வினைப்பொருளோடு கேள்வி வரும்போது, படத்தில் வினை அம்புக்குறியின் மேல் எழுதியிருப்பதைப் பெரிதாக்கிப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். அங்கே HBr-க்குப் பதில் PBr₃ இருந்தால், ஆக்சிஜன் பாஸ்பரஸோடு பிணைந்து நல்ல வெளியேறும் தொகுதியாக மாறுகிறது. பிறகு Br⁻ இன் இரட்டை 2-ஆம் கார்பனைப் பின்புறமிருந்து தாக்குவதும், C–O பிணைப்பின் இரட்டை ஆக்சிஜனுக்குப் போவதும் ஒரே படியில் நடக்கின்றன. கார்பன் நேர்மின் அயனி உருவாகாததால் ஹைட்ரைடு நகர்வதற்கும் இடமில்லை, விளைபொருள் 2-புரோமோ-3-மெத்தில்பியூட்டேன். நீங்கள் கேட்ட ஒரே படிப் பதிலீடு அந்த வினைக்கே பொருந்தும்.