பென்டிரைவில் வந்தது கன்சோல் அப்டேட், கேம் அப்டேட் எங்கே?

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, போனில் நாளைக்கு 1.5 ஜிபி நெட்தான். பையனுக்காகப் பழைய பிஎஸ்4 ஒன்று வாங்கினேன். அப்டேட் ஃபைலை வேலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கன்சோல் ஃபைலே இல்லை என்கிறது. அது சரியானாலும், டிஸ்க் கேம் தனியாக 18 ஜிபி அப்டேட் கேட்கிறது. அதையும் பென்டிரைவிலேயே கொண்டுவர வழி உண்டா?

பதில்: முதலில் அந்த "ஃபைல் இல்லை" விஷயத்தை முடித்துவிடுவோம். காட்பாடியில் என் கடைக்கு இதே புகாரோடு வருகிற பென்டிரைவ்களில் பெரும்பாலும் ஃபைல் இருக்கத்தான் செய்யும். கன்சோல் தேடுகிற இடத்தில், அது தேடுகிற பெயரில் இருக்காது, அவ்வளவுதான். பென்டிரைவ் முழுவதையும் துழாவிப் பார்க்கும் பொறுமை பிஎஸ்4-க்குக் கிடையாது. ஒரே ஒரு பாதையைப் பார்க்கும்:

```
PS4/UPDATE/PS4UPDATE.PUP
```

எல்லாம் பெரிய எழுத்து, இடையில் எங்கும் இடைவெளி கூடாது. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் அதே ஃபைலை யாராவது ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால், உங்களுடையது `PS4UPDATE (1).PUP` என்று சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் திருத்தப் போய் இன்னொரு கோளாறு வரலாம். விண்டோஸ் வழக்கமாகத் தனக்குத் தெரிந்த வகை ஃபைல்களின் பெயரில் கடைசித் துண்டை மறைத்துவிடும். அந்தக் கம்ப்யூட்டரில் `.PUP`-உம் அப்படி மறைந்திருந்து, நீங்கள் `PS4UPDATE.PUP` என்று முழுசாக டைப் செய்தால் உள்ளே அது `PS4UPDATE.PUP.PUP` ஆகிவிடும், திரையில் மட்டும் சரியாகத் தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் `View` போய் `File name extensions` என்பதை டிக் செய்துவிட்டுப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது பென்டிரைவின் ஃபார்மேட். விண்டோஸில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து `Properties` பார்த்தால் `NTFS` என்று இருக்கிறதா? அப்படியானால் பிஎஸ்4 அதைத் தொடவே தொடாது. `FAT32` அல்லது `exFAT` ஆக ஃபார்மேட் செய்து, ஃபோல்டர்களைப் புதிதாக உருவாக்குங்கள். எக்ஸ்பாக்ஸ் நேர் எதிர், அதன் ஆஃப்லைன் அப்டேட்டுக்கு `NTFS`தான் வேண்டும். இதற்கு அது, அதற்கு இது என்று மாற்றிச் செய்து தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஃபைலை `playstation.com` தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அங்கே ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் இருக்கும். ஏறத்தாழ அரை ஜிபி அளவில் இருப்பது சாதாரண அப்டேட். ஒரு ஜிபியைத் தாண்டுவது, ஹார்ட் டிஸ்க் மாற்றினாலோ சிஸ்டமே கெட்டுப்போனாலோ முழுசாக மறுபடி நிறுவுவதற்கானது. உங்களுக்குச் சின்னதே போதும்.

இனி ஏற்றும் முறை. கன்சோலை முழுசாக அணையுங்கள். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அது தூங்குகிறது, அணையவில்லை. பென்டிரைவைச் செருகிவிட்டுப் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். உடனே ஒரு பீப் கேட்கும். விடாதீர்கள். சுமார் ஏழு விநாடி கழித்து இரண்டாவது பீப் வரும், அப்போது விடுங்கள். கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்து நடுவில் உள்ள பிஎஸ் பட்டனை அழுத்தச் சொல்லும். இங்கேயும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பழைய சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் மட்டும்தான் போகும், டேட்டா போகாது. பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் திரை அசையாது. ஒருமுறை நானே கன்சோல் போர்டில் கோளாறு என்று நினைத்துத் திறக்கப் போய், கடைசியில் கேபிளை மாற்றியதும் வேலை செய்தது. போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் ஏற்ற உதவுகிற கேபிள் என்றால் நம்பலாம்.

வரும் பட்டியலில் மூன்றாவது `Update System Software`. அதற்குள் `Update from USB Storage Device`. கடைசிப் பக்கமாக இருக்கும் ஆறாவது, ஏழாவது இரண்டின் பெயரிலும் `Initialize` என்று வரும். அவற்றை மட்டும் தொடாதீர்கள். இரண்டுமே எல்லாவற்றையும் அழித்துவிடும், ஏழாவது அதற்குமேல் சிஸ்டத்தையும் மறுபடி நிறுவும். பழைய கன்சோலில் உங்களுக்கு இழக்க எதுவும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் பையன் ஒரு மாதம் விளையாடிய பிறகு இதே பட்டியலுக்கு நீங்கள் மறுபடி வரக்கூடும்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போகக் கூடாது. நம் பக்கத்துக் கோடையில் இதைச் சொல்வது சுலபம். இன்வர்ட்டரில் போடுங்கள், இல்லையென்றால் அன்று பராமரிப்புக்காக மின்தடை உண்டா என்று கேட்டுக்கொண்டு காலையிலேயே முடித்துவிடுங்கள். பாதியில் நின்று கன்சோல் எழவில்லை என்றால், அப்போதுதான் அந்தப் பெரிய ஃபைலும் ஏழாவது வழியும் வேண்டியிருக்கும்.

சரி, 18 ஜிபிக்கு வருவோம். அதைப் பென்டிரைவில் கொண்டுவர சோனி வழி வைக்கவில்லை. காரணம் இரண்டு அப்டேட்டும் பிறக்கும் இடத்தில் இருக்கிறது. கன்சோலின் சிஸ்டம் சாஃப்ட்வேர் சோனி செய்வது. உலகத்தில் உள்ள பிஎஸ்4 எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல். எங்கிருந்து வந்தாலும் அதில் சோனியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று கன்சோல் சரிபார்க்கும், இருந்தால் ஏற்கும், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் தள்ளிவிடும். அதனால்தான் அதைப் பொதுவில் இறக்கிக்கொள்ளவிட அவர்களுக்குப் பயமில்லை.

கேம் அப்டேட்டைச் செய்வது அந்தக் கேமை உருவாக்கிய நிறுவனம். ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி, அதிலும் ஒரே கேமின் வெவ்வேறு பிராந்தியப் பதிப்புகளுக்கும் தனித்தனி. டிஸ்க்கில் எழுதப்பட்டதை மாற்ற முடியாது. எனவே திருத்தங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உட்கார்ந்து, டிஸ்க்கிலிருந்து நிறுவப்பட்டதன்மேல் படியும். எந்தக் கேம் இருக்கிறது, எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்துப் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்தான் அதை நேராகக் கன்சோலுக்கு அனுப்பும். கன்சோல் அப்டேட்டோடு இதைச் சேர்த்துக் கட்டினால், ஒருவர் ஆடாத ஆயிரக்கணக்கான கேம்களின் திருத்தங்களையும் அவர் சுமக்க வேண்டிவரும்.

இரண்டுக்கும் ஒரு தொடர்பு மட்டும் உண்டு. ஒவ்வொரு கேமும், அதன் ஒவ்வொரு அப்டேட்டும் "குறைந்தது இந்தச் சிஸ்டம் பதிப்பு வேண்டும்" என்று கேட்கும். அதனால் வரிசை எப்போதும் கன்சோல் முதலில், கேம் பிறகு. பல டிஸ்க்குகளுக்குள்ளேயே அந்தக் குறைந்தபட்சச் சிஸ்டம் அப்டேட் வைக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கைப் போட்டதும் கன்சோல் அப்டேட் கேட்டால், பாதி நேரம் அதற்கு நெட்டே தேவையில்லை.

அந்த 18 ஜிபி கட்டாயமா என்று பாருங்கள். தனியாக ஆடும் கேம் என்றால் பெரும்பாலும் இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு டிஸ்க்கைப் போட்டால், டிஸ்க்கில் உள்ள பதிப்பிலேயே கேம் திறக்கும். சில பிழைகள் இருக்கலாம், பிறகு சேர்த்த பகுதிகள் இருக்காது. ஆன்லைனில் மற்றவர்களோடு ஆட வேண்டுமென்றால் மட்டும் தப்ப முடியாது. டிஸ்க்கில் பாதியை மட்டும் வைத்து மீதியை இறக்கச் சொல்லும் கேம்களும் உண்டு. அப்படிப்பட்டதா என்று பெரும்பாலும் பெட்டியிலேயே எழுதியிருக்கும்.

போனிலேயே இறக்குவதானால், 18-ஐ 1.5-ஆல் வகுத்தால் 12 நாள். அந்த 12 நாளும் வீட்டில் யாரும் போனில் ஒரு வீடியோகூடப் பார்க்கக் கூடாது, அதனால் மூன்று வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செய்ய முடியாதது அல்ல. `Notifications`-க்குள் `Downloads` போய் நிறுத்தி வைத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதில் கரண்ட் போனாலும் சிஸ்டம் அப்டேட் போல ஆபத்தில்லை. ஹார்ட் டிஸ்க்கில் 18 ஜிபி மட்டும் காலியாக இருந்தால் போதாது. பிஎஸ்4 பழைய கேமையும் புதிய துண்டுகளையும் சேர்த்துப் புதிதாக நகல் எடுக்கும், அதற்குக் கேமின் மொத்த அளவுக்கே இடம் கேட்கலாம். 50 ஜிபி கேம் என்றால் இன்னொரு 50 ஜிபி.

நான் உங்களுக்குச் சொல்வது வேறு வழி. வேலூரிலோ ஆம்பூரிலோ நல்ல நெட்டும் பிஎஸ்4-உம் உள்ள தெரிந்தவர் யாராவது இருப்பார். யூஎஸ்பி 3.0 வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்று, குறைந்தது 250 ஜிபி, வேண்டும். பென்டிரைவ் இதற்கு உதவாது. அவர் கன்சோலில் `Settings`, `Devices`, `USB Storage Devices` போய் அதை `Extended Storage` ஆக ஃபார்மேட் செய்யுங்கள். அதில் உள்ளதெல்லாம் அழியும், எனவே கல்யாண ஃபோட்டோ உள்ள டிஸ்க் வேண்டாம். நிறுவும் இடமாக அதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கேம் டிஸ்க்கையே அவர் கன்சோலில் போட்டு நிறுவி, அப்டேட்டையும் இறக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அதே மெனுவில் பயன்பாட்டை நிறுத்திவிட்டுக் கழற்ற வேண்டும், வெறுமனே பிடுங்கக் கூடாது. வீட்டில் செருகி, டிஸ்க்கைப் போட்டால் அப்டேட் ஆன கேம் வந்துவிடும். உங்கள் கன்சோலில் சிஸ்டம் அப்டேட் முடிந்திருக்க வேண்டும் என்று நான் மேலே அவ்வளவு நேரம் மல்லுக்கட்டியது இதற்காகவும்தான். கம்ப்யூட்டரில் அந்த ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பார்க்காதீர்கள். விண்டோஸுக்கு அது புரியாது, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், யாராவது ஆமாம் என்று அழுத்திவிடுவார்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச்சில் பக்கத்தில் உள்ள இன்னொரு ஸ்விட்ச்சிடமிருந்தே, நெட் இல்லாமல், கேம் அப்டேட்டை வாங்கிக்கொள்ளும் வசதி உண்டு. நம் ஊருக்கு ஏற்றது அதுதான், சோனிக்கு ஏனோ அது தோன்றவில்லை.

நண்பரிடம் அதே கேம் ஏற்கெனவே அப்டேட் ஆகி இருக்கிறதே, அதை நகர்த்திக் கொண்டுவந்தால் போதாதா என்று தோன்றும். டிஸ்க்கிலும் பெட்டி முதுகிலும் உள்ள `CUSA` எண்ணைப் பாருங்கள். உங்கள் டிஸ்க்கும் அவருடையதும் ஒரே எண் என்றால் சரி. உறவினர் யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்காக இருந்தால் அட்டைப்படம் ஒன்றாகவே இருக்கும், எண் மாறும். அப்படியானால் கன்சோலுக்கு அது வேறு கேம், உங்கள் டிஸ்க்கைப் போட்டதும் மறுபடி முதலிலிருந்து நிறுவத் தொடங்கும்.