கேட்காமலே பிடித்த டொமைன் பணம்: கேள்வி பதில்

திருப்பூர், பனியன் வியாபாரம்: அண்ணா, போன வருசம் 199 ரூபாய்க்கு .com டொமைன் வாங்கினேன். அந்த பிராண்டையே விட்டாச்சு. மார்ச் 3 காலாவதி, அன்னைக்கே கார்டில் 1,499 எடுத்துட்டாங்க. இன்னைக்கு 12. எப்படிக் கேட்டால் தருவாங்க?

ஒன்பது நாள்தானே ஆச்சு, இன்றே எழுதுங்க. காலாவதி அன்று, எல்லா .com பெயர்களின் பதிவேட்டையும் வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரி தானாகவே ஒரு வருடம் கூட்டிவிடும். அதன்பின் 45 நாளுக்குள், உங்களுக்கு டொமைன் விற்ற நிறுவனமான ரிஜிஸ்ட்ரார் அதை அழித்துவிட்டால், அவர் ரிஜிஸ்ட்ரிக்குக் கட்டிய பணம் அவருக்கே திரும்பி வரும். அதாவது உங்களுக்குத் திருப்பித் தருவதால் அவர் கையைக் கடிக்காது. ஆனாலும் தந்தே ஆக வேண்டும் என்று இல்லை, அவருடைய விதிமுறையில் என்ன இருக்கிறதோ அதுதான், அதனால்தான் பணிவாகக் கேட்கச் சொல்கிறேன். முதலில் lookup.icann.org-இல் பெயரைப் போட்டு `auto renew period` என்று காட்டுகிறதா பாருங்க. காட்டினால் இப்படி எழுதலாம்:

"வணக்கம். மார்ச் 3 அன்று என் டொமைன் தானாகப் புதுப்பிக்கப்பட்டு 1,499 ரூபாய் பிடிக்கப்பட்டது, பில் எண் கீழே. தானியங்கிப் புதுப்பித்தல் இயங்குவதை நான் கவனிக்கவில்லை. டொமைன் இனி எனக்குத் தேவையில்லை, அழித்துவிடச் சம்மதம். 45 நாள் அவகாசம் இன்னும் முடியாததால் பணத்தை அதே கார்டுக்குத் திருப்பித் தர வேண்டுகிறேன்."

'அழித்துவிடச் சம்மதம்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நாலு முறை மெயில் போய் வரும். "மெயிலே வரவில்லை" என்றும் எழுத வேண்டாம். ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்புவது ரிஜிஸ்ட்ரார் கடமை, பெரும்பாலும் அது சைட் செய்து கொடுத்த பையனுடைய மெயிலில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஈரோடு, மஞ்சள் மண்டி: எனக்குக் காலாவதிக்கு 15 நாள் முன்னாடியே எடுத்துட்டாங்க. அதான் 45 நாள் இருக்குதே, மாசக் கடைசியில் நிதானமா கேட்டுக்கலாமுங்களா?

45 நாள் சரிதான், ஆனால் அது உங்களுக்கு இல்லைங்க. முன்கூட்டியே ரிஜிஸ்ட்ரார் புதுப்பித்தால் வெறும் 5 நாள்தான், அங்கே `renew period` என்று காட்டும். அது போய்விட்டால் அவர் தன் கையிலிருந்துதான் தர வேண்டும், சிலர் கணக்கில் வரவு வைப்பார்கள், சிலர் முடியாது என்பார்கள்.

பொள்ளாச்சி, தென்னை நர்சரி: டொமைன் எனக்கு வேணும், பணம் மட்டும் திரும்ப வந்தால் போதும். பேங்கில் டிஸ்ப்யூட் போட்டுடட்டுமா அண்ணா?

வேண்டாங்க. பணம் திரும்பினால் டொமைன் போகும், அதில் ஓடும் மெயிலும் சேர்ந்து நிற்கும். நான் ஒருமுறை கோபத்தில் டிஸ்ப்யூட் போட்டு, கணக்கையே பூட்டிவிட்டார்கள், அதிலிருந்த மற்ற மூன்று டொமைனையும் தொட முடியவில்லை. விலைதான் பிரச்சினை என்றால் வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றப் பாருங்க.

கோபி, தையல் கடை அக்கா: 24 மணி நேரம் முன்னாடி எஸ்எம்எஸ் வரணுமாமே தம்பி, எனக்கு வரவே இல்லை.

ஆமாங்கக்கா, தானாகப் பிடிக்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி விதி அது, 2021 அக்டோபரிலிருந்து. ஆனால் அனுப்ப வேண்டியது உங்கள் கார்டு வங்கி. அதனால் அந்தப் புகாரை வங்கியிடம் தனியாகக் கொடுங்க, ரிஜிஸ்ட்ரார் கடிதத்தில் கலக்க வேண்டாம். பழைய எண் வங்கியில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்க.