இறுதித் திட்டத்துக்கு எந்தப் பொதுத் தரவை எடுப்பது?

"டேட்டா அனாலிசிஸ் படிப்பில் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். இறுதித் திட்டத்துக்கு டைட்டானிக் தரவை எடுக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நேர்முகத் தேர்வில் என் திறமையைக் காட்டும்படி எந்தப் பொதுத் தரவை, எப்படித் தேர்ந்தெடுப்பது?"

டைட்டானிக் வேண்டாம். 891 பயணிகள் கொண்ட அந்தப் பயிற்சிக் கோப்பில் எந்த நெடுவரிசையை நீக்குவது, விடுபட்ட வயதை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவைத்தவை. அதில் உங்களுடைய முடிவு எது என்று தேர்வாளரால் பிரித்தறிய முடியாது. மாணவர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட தரவை விட்டுவிட்டு, ஓர் அலுவலகம் தன் அன்றாட வேலைக்காகச் சேர்த்த தரவை எடுங்கள். அத்தகைய தரவில் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும் இடங்கள் இருக்கும். நீங்கள் அவற்றைக் கண்டுகொண்டீர்களா என்பதைத்தான் நான் விண்ணப்பங்களில் முதலில் தேடுவேன்.

நியூயார்க் நகரின் டாக்சி ஆணையம் மாதந்தோறும் வெளியிடும் பயணப் பதிவுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2024 ஜனவரி மாத மஞ்சள் டாக்சிக் கோப்பில் மட்டும் சுமார் 29.6 லட்சம் பயணங்கள் உள்ளன. சாதாரண மடிக்கணினியே அதைத் தாங்கும். இறக்கியவுடன் இதை ஓட்டிப் பாருங்கள்:

```python
import pandas as pd
df = pd.read_parquet("yellow_tripdata_2024-01.parquet")
df.groupby("payment_type")["tip_amount"].agg(["count", "median"])
```

`payment_type` 1 என்பது கார்டு, 2 என்பது ரொக்கம். ரொக்கப் பயணங்களின் டிப்ஸ் பூஜ்யம் என்று வரும். 'ரொக்கம் கொடுப்பவர்கள் டிப்ஸ் தருவதில்லை' என்று இதற்கு அழகான வரைபடம் போட்ட திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் கார்டில் தரப்படும் டிப்ஸ் மட்டுமே அந்த நெடுவரிசையில் ஏறுகிறது. ஓட்டுநர் கையில் கொடுக்கும் பணம் பதிவாவதில்லை என்று ஆணையத்தின் தரவு விளக்கக் குறிப்பே சொல்கிறது. அந்தக் குறிப்பை முதலில் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது கேள்வி. 'டாக்சிப் பயணங்கள் பற்றிய ஆய்வு' என்பது தலைப்புதானே தவிர கேள்வி ஆகாது. விடை 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ வரக்கூடியதாகக் கேட்க வேண்டும். 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனில் 60ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அப்பகுதிக்குள் டாக்சிகளின் வேகம் கூடியதா என்று கேட்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கட்டணத்தைக் குறிக்கும் `cbd_congestion_fee` என்ற நெடுவரிசை 2025 முதலான கோப்புகளில்தான் இருக்கிறது. அதைக் கொண்டு 2025 பயணங்களைப் பிரித்தால், 2024இல் அவற்றுக்கு இணையான பயணங்களைப் பிரிக்க வழியில்லை. எனவே ஆணையத்தின் டாக்சி மண்டல வரைபடத்தைப் பார்த்து, 60ஆம் தெருவுக்குத் தெற்கே உள்ள மண்டல எண்களை நீங்களே பட்டியலிட்டு, ஏறும் மண்டலத்தைக் குறிக்கும் `PULocationID`, இறங்கும் மண்டலத்தைக் குறிக்கும் `DOLocationID` இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கும் பயணங்களை இரு ஆண்டுகளிலும் எடுக்க வேண்டும். நாட்களையும் பொருத்த வேண்டும்: 2024இல் ஜனவரி 8 முதல் 26 வரை, 2025இல் ஜனவரி 6 முதல் 24 வரை, திங்கள் முதல் வெள்ளி மட்டும். மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறை முதலாவதில் 15ஆம் தேதியும் இரண்டாவதில் 20ஆம் தேதியும் வருவதால், அவ்விரு நாட்களையும் விட்டால் இரண்டு பக்கமும் 14 வேலைநாட்கள் மிஞ்சும்.

வேகத்தை மொத்தமாகச் சராசரி எடுக்காதீர்கள். குறும்பயணங்கள் குறைந்தாலே சராசரி வேகம் ஏறிவிடும். தெருவில் எதுவும் மாறியிருக்காது. ஏறும் மண்டலம், இறங்கும் மண்டலம், மணி ஆகிய மூன்றும் ஒன்றாக உள்ள பயணங்களைத் தொகுத்து, ஒவ்வொரு தொகுப்பிலும் வேகத்தின் இடைநிலை அளவை ஒப்பிடுங்கள். பின்னர் 60ஆம் தெருவுக்கு வடக்கே தொடங்கி அங்கேயே முடியும் பயணங்களுக்கும் இதையே செய்யுங்கள். அங்கும் அதே அளவு வேகம் கூடியிருந்தால் காரணம் வானிலையாகவோ வேறொன்றாகவோ இருக்கலாம். கட்டணத்தின் தாக்கம் வடக்கேயும் கசிந்திருக்கக்கூடும் என்பதால் இந்த ஒப்பீடும் முழுமையானதல்ல. அதை அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.

நீக்கிய பதிவுகளுக்கும் கணக்கு வேண்டும். மாதத்துக்குச் சம்பந்தமில்லாத தேதிகள், எதிர்மறைக் கட்டணங்கள், தூரம் பூஜ்யமாக உள்ள பயணங்கள் ஆகியவை இத்தரவில் நிச்சயம் வரும். `dropna()` என்று ஒரே வரியில் துடைத்தால் இவை போகாது; மாறாக, 2024 ஜனவரியில் பயணிகள் எண்ணிக்கை காலியாக உள்ள சுமார் 1.4 லட்சம் பயணங்கள், வேகக் கணக்குக்கு அந்த நெடுவரிசையே தேவையில்லாதபோதும், போய்விடும். எந்தக் காரணத்துக்காக எத்தனை பதிவுகள் நீக்கப்பட்டன என்ற சிறு அட்டவணையை அறிக்கையின் முதல் பக்கத்தில் வையுங்கள். நேர்முகத் தேர்வில் என் முதல் கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.