தலையில் சீழ்க்கட்டி: கீறுவதற்கு முன் முடியை இழுத்துப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, எடை 18 கிலோ. ஒரு மாதத்துக்கு முன் பின்தலையில் செதில் மாதிரி வந்தது. புழுவெட்டு என்று சொல்லி பக்கத்து வீட்டு அக்கா சின்ன வெங்காயம் தேய்த்துவிட்டார். இப்போது எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி சீழ் வடிகிறது, அந்த இடத்தில் முடி கொட்டிவிட்டது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையவில்லை. மயக்கம் கொடுத்துக் கீற வேண்டும் என்கிறார்கள். சீழ் மூளைக்குப் போய்விடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. கீறலாமா? வீட்டில் கன்றுக்குட்டி உண்டு, இவன்தான் அதோடு விளையாடுவான்.
— ஒரு தாய், தர்மபுரி மாவட்டம்

மருத்துவர் பதில்:

அவசரப்பட்டுக் கீற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பாக்டீரியாவால் வந்த சீழ்க்கட்டி போலத் தெரியவில்லை. 'கீரியான்' என்கிற பூஞ்சைத் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உடம்பில் வரும் படர்தாமரையின் உறவுக்காரக் கிருமிதான், தலைமுடியின் வேருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டிலேயே ஒன்றைக் கவனியுங்கள். கையைக் கழுவிக்கொண்டு, வீக்கத்தின் மேலோ ஓரத்திலோ மிச்சமிருக்கும் நாலைந்து முடிகளை விரல் நுனியால் மெதுவாக இழுங்கள். சாதாரண சீழ்க்கட்டியில் முடி இறுக்கமாக நிற்கும், இழுத்தால் பிள்ளை கத்துவான். கீரியானில் முடி எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரும், வலிக்கவும் வலிக்காது. சீழ் வரும் விதத்தையும் பாருங்கள். சீழ்க்கட்டி பழுத்தால் ஒரு வாய் வைத்து உடையும். கீரியானை அழுத்தினால் ஒவ்வொரு முடிக்குழியிலிருந்தும் தனித்தனியாகச் சொட்டுச் சொட்டாகக் கசியும், தொட்டால் கொழகொழவென்று அமுங்கும். முடி வலியில்லாமல் கையோடு வந்தால் இன்றே தோல் மருத்துவரிடம் கிளம்புங்கள். உங்கள் கடிதத்தில் உடனே செயல்பட வேண்டிய விஷயம் அது ஒன்றுதான்.

கீறினால் என்ன தவறு? உள்ளே சீழ் ஒரே குழியாகத் தேங்கியிருந்தால் கீறிவிட்டால் வெளியே வரும். இங்கே அப்படி ஒரு குழி கிடையாது. மாட்டிலிருந்து வரும் பூஞ்சை மனித உடம்புக்குப் பழக்கமில்லாதது. அதை விரட்ட உடம்பு காட்டும் கடுமையான எதிர்ப்புதான் இந்த வீக்கமும் சீழும். கத்தி வைத்தால் வருவது கொஞ்சம் ரத்தமும் நீரும்தான். பூஞ்சை முடிவேரில் அப்படியே இருக்கும், கீறிய தழும்பில் முடி முளைக்காது. ஆன்டிபயாடிக் பலிக்காததற்கும் இதே காரணம்தான், அது பூஞ்சையைக் கொல்லாது. சீழை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினால் பொருக்கின் மேல் வாழும் பாக்டீரியா வளர்ந்து ஆளை ஏமாற்றும். மூன்றாவது ஆன்டிபயாடிக் எழுதுவது பெரும்பாலும் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான்.

பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டியது சீழ் அல்ல, வேரோடு பிடுங்கிய முடியும் ஓரத்துச் செதிலும். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், சிறிது நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். பூஞ்சைக் கல்ச்சருக்கும் அனுப்பலாம், ஆனால் அது வளர நான்கு வாரம்கூட ஆகும். அதுவரை மருந்துக்குக் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: வீக்கம் கடுமையாக இருக்கும்போது பூஞ்சை கண்ணில் படாமல் போவதுண்டு. 'நெகட்டிவ்' என்று ஒரு தாள் வந்ததற்காக கீரியான் இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது.

மருந்து வாய்வழியாகத்தான். எந்தக் களிம்பும் முடிவேர் வரை இறங்காது. கன்றோடு பழகும் பிள்ளைக்குப் பெரும்பாலும் டெர்பினாஃபின் நன்றாக வேலை செய்யும். 10 முதல் 20 கிலோ வரை எடையுள்ள குழந்தைக்கு வழக்கமான அளவு தினம் 62.5 மில்லிகிராம், அதாவது 250 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும், கீரியானுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். பூனை, நாயிலிருந்து வந்த தொற்று என்றால் கிரிசியோஃபுல்வின் மேல். கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் உங்கள் மகனுக்கு 360 வரும். அதைப் பால், முட்டை, நெய்ச்சோறு என்று கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும், ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எது, எத்தனை நாள் என்பதைப் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்வார். இந்தக் கணக்கைக் காட்டி மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வேண்டாம்.

மருந்துக்கடை என்றதும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. படைக்கு என்று கேட்டால் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த டியூப் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். இரண்டு நாளில் சிவப்பு குறையும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். நோயை அடையாளம் தெரியாமல் ஆக்கி வாரக்கணக்கில் காலத்தை விரயமாக்கும் டியூப் அது. வெங்காயத்தையும் இன்றோடு நிறுத்துங்கள், புண்ணான தோலை அது மேலும் எரிக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் பொருக்கின் மேல் வைத்து, ஊறியதை மட்டும் மெல்ல எடுங்கள். வாரம் இரண்டு முறை கீட்டோகோனசோல் 2% ஷாம்புவை ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். அது நோயைக் குணப்படுத்தாது, மற்றவர்களுக்குப் பரவுவதைக் குறைக்கும்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் காதோரம், கழுத்து, முதுகில் அரிப்போடு பொடிப்பொடியாகத் தடிப்பு வரலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து பல வீடுகளில் இங்கேதான் மாத்திரையை நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் இது மருந்து அலர்ஜி அல்ல, பூஞ்சைக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினை. மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முகம், உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, கண் மஞ்சளானாலோ அது வேறு கதை. அப்போது நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும்.

மூளைக்குச் சீழ் போகும் என்பதை மறந்துவிடுங்கள். இந்தப் பூஞ்சை முடி, தோல், நகத்தைத் தாண்டிப் போகாது. கழுத்து நெறி இந்நோயில் வழக்கமாக வருவதுதான், புண் ஆறியதும் அடங்கும். ஆனால் கடுமையான காய்ச்சலோடு சிவப்பு நெற்றிக்கும் கண்ணிமைக்கும் பரவினால், அல்லது பிள்ளை துவண்டுபோனால், பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

முடி முளைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் கவலைப்படுவது அதற்குத்தான். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் சில முடிவேர்களை நிரந்தரமாக அழிக்கும். வீக்கம் வற்றிய பிறகு தோலில் முடிக்குழிகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் சில மாதங்களில் முடி வந்துவிடும். குழியே இல்லாமல் பளபளவென்று வழவழப்பாக ஆகிவிட்ட இடத்தில் வராது. ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது, இப்போது தொடங்கினால் பெரும்பகுதி திரும்பிவிடும்.

கன்றின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், ஆறும்வரை பிள்ளையை அதோடு விளையாட விடாதீர்கள். வீட்டிலுள்ள மற்ற குழந்தைகளின் தலையையும் சோதியுங்கள், இவனுக்குச் சீப்பும் துண்டும் தனியாக இருக்கட்டும். மொட்டை அடிக்கத் தேவையில்லை. மாத்திரை தொடங்கிவிட்டால் பள்ளிக்கும் போகலாம்.